சிவப்பு எங்கே நிற்கிறது?
தாளையடி நீர்த்திட்டத்தை முன்வைத்து, வாராந்த அறிக்கைகளைத் தொகுக்கும் முறை பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

பல அணிகள் சேர்ந்து செய்யும் ஒரு பெருந்திட்டத்தில் ஒவ்வோர் அணியும் வாரந்தோறும் முன்னேற்ற அறிக்கை அனுப்புகிறது. நன்றாக நடப்பவற்றுக்குப் பச்சை, கவனிக்க வேண்டியவற்றுக்கு மஞ்சள், ஆபத்தில் இருப்பவற்றுக்குச் சிவப்பு என்று நிறம் இடுவது வழக்கம். இந்த அறிக்கைகளை ஒருவர் வாங்கி, மேலிடம் வாசிப்பதற்கு ஒரு பக்கச் சுருக்கமாக ஆக்குகிறார். பெரும்பாலான அலுவலகங்களில் இது எழுதுவினைஞர் வேலையாகவே நடக்கிறது. ஐந்து அறிக்கைகளிலும் உள்ள சிவப்பு வரிகளை வெட்டி ஒரு தாளில் ஒட்டினால் சுருக்கம் ஆயிற்று என்று நினைக்கிறார்கள்.

அப்படி ஒட்டிய தாள் திட்டத்தின் உண்மையான சிவப்பைக் காட்டுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சிவப்பு பெரும்பாலும் எந்த ஓர் அணிக்குள்ளும் இருப்பதில்லை. ஓர் அணி கொடுப்பதாகச் சொன்ன நாளுக்கும் மற்ற அணி கிடைக்குமென்று எண்ணியிருக்கும் நாளுக்கும் நடுவில் அது நிற்கிறது. ஆகவே தொகுப்பவர் முதலில் ஒப்பிட வேண்டியது நிறங்களை அல்ல, நாட்களை.

இதற்கு எடுத்துக்காட்டாக யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் பொதுவெளி வரலாறு மட்டுமே 2ஆம் பிரிவில் வருகிறது. உள்ளக அறிக்கைகள் எதையும் இக்கட்டுரை பயன்படுத்தவில்லை. 5ஆம் பிரிவில் வரும் வாரமும் அணிகளும் எண்களும், அதே வகைத் திட்டமொன்றுக்கென விளக்கத்துக்காக அமைத்த மாதிரி.

2. இரணைமடுவிலிருந்து தாளையடிக்கு

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் இறைத்தே தலைமுறைகள் வாழ்ந்தன. உரமும் மலக்குழியும் அந்த நீரில் நைத்திரேற்றை ஏற்றின. கரையோரங்களில் உவர் ஏறியது. வெளியிலிருந்து குழாய்நீர் கொண்டுவர வேண்டும் என்ற நிலையில், ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நிறைவேற்ற வேண்டிய திட்டம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைக் கூட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் எடுப்பதே முதல் வடிவம்.

கிளிநொச்சி விவசாயிகள் அதை எதிர்த்தார்கள். குளத்தை நம்பிச் சிறுபோகம் செய்பவர்களுக்கு வரட்சியான ஆண்டில் யாருக்கு முதல் நீர் என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. குடிநீரும் நெல்லும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. மாகாண அரசியலும் அதற்குள் இறங்கியது. கடைசியில் நீர்மூலமே மாறியது. வடமராட்சி கிழக்கில், மருதங்கேணிப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள தாளையடிக் கரையில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை அமைக்கும் முடிவுக்குத் திட்டம் வந்தது. 2017இல் அதற்கென மேலதிக நிதியுதவிக்கு வங்கி ஒப்புதல் கொடுத்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய ஆலை 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது.

திட்ட முகாமை படிப்பவருக்கு இந்த வரிசையில் ஒரு பாடம் உண்டு. நீர்வழங்கல் திட்டமொன்றில் நீர்த்தாங்கிக் கோபுரம் கட்டுவோர், வீதிக்குழாய் புதைப்போர், பிரதான குழாய் போடுவோர் எல்லோரும் தத்தம் அளவில் நேரத்துக்கு வேலை செய்ய முடியும். கோபுர அணியின் கொங்கிறீற்று காய்ந்துவிட்டது, பச்சை. குழாய் அணி தனது கிலோமீற்றர்களை முடித்துவிட்டது, பச்சை. நீர் எங்கிருந்து வரும் என்பது மட்டும் தீரவில்லை. அணிகளின் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் எண்பது, தொண்ணூறு என்று மகிழ்ச்சியான எண் வரும். ஆனால் குழாயில் ஒரு சொட்டு நீரும் வராது. தொடராக ஓடும் வேலையில் சராசரிக்குப் பொருளே இல்லை. திட்டத் தொகுதிச் சுருக்கத்தில் சராசரிச் சதவீதம் போடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பேன்.

3. நிறத்துக்கு வரைவிலக்கணம்

அணியின் சிவப்பும் அணிகள் எல்லாம் சேர்ந்த தொகுதியின் சிவப்பும் ஒன்றல்ல. அணித் தலைவர் தன் அட்டவணையைப் பார்த்து நிறம் இடுகிறார். அது அவருடைய உரிமை, அதைத் தொகுப்பவர் மாற்றக்கூடாது. மாற்றினால் அடுத்த வாரத்திலிருந்து அணிகள் உண்மையை எழுதாமல், தொகுப்பவருக்கு எது பிடிக்குமோ அதை எழுதும். தொகுப்பவர் செய்ய வேண்டியது, அணி இட்ட நிறத்தை அப்படியே ஒரு நிரலில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தொகுதி நிறம் என்று இன்னொரு நிரல் திறப்பது.

தொகுதிச் சிவப்புக்கு இரண்டே நிபந்தனைகள் போதும். ஒன்று, வெளியே வாக்களித்த நாள் தவறப் போகிறது. அதாவது, வழியில் உள்ள மிச்ச நாட்கள் எல்லாவற்றையும் கழித்த பின்னும் தாமதம் மீதி நிற்கிறது. இரண்டு, அதைத் தீர்க்கும் அதிகாரம் அந்த அணிக்குள் இல்லை. இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. நாள் தவறும், ஆனால் அணி தானே சரிசெய்யும் என்றால் மஞ்சள். அணிக்குள் பெரிய தாமதம் இருந்தும் வெளி நாளைத் தொடவில்லை என்றால், அது அந்த அணியின் சிவப்பாகவே இருக்கட்டும். மேலிடத்தின் பக்கத்தில் அதற்கு இடம் தேவையில்லை.

வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமான அறிக்கையை முகாமையாளர்கள் உலகெங்கும் வத்தகப்பழம் என்று கேலி செய்வதுண்டு. நம்மூர்க் கேலி வேறு. அது ஒரு முழு வாக்கியமாகவே அறிக்கைகளில் வரும்: ‘இது தொடர்பில் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ யார் எடுக்கிறார், எந்த நாளுக்குள் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தொகுப்பவர் அதைக் கண்டால் அந்த வரியைச் சுருக்கத்தில் சேர்க்காமல், அணியைத் தொலைபேசியில் அழைத்து ஒரு பெயரும் ஒரு திகதியும் கேட்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால், வேலை இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ளலாம்.

4. கொடுப்பும் பெறுகையும்

அறிக்கைப் படிவத்தில் இரண்டு சிறு அட்டவணைகள் சேர்க்கப்பட வேண்டும். நாங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியவை, எந்தத் திகதிக்கு என்பது முதலாவது. நாங்கள் மற்றவர்களிடமிருந்து பெற வேண்டியவை, எந்தத் திகதிக்கு என்பது இரண்டாவது. ஒவ்வொரு கைமாற்றுக்கும் ஓர் எண் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் அதே எண்ணையே எழுதுவார்கள். தொகுப்பவர் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துக் கழித்துப் பார்க்கிறார்.

எக்செலில் பெறுகைகளை ஒரு தாளிலும் கொடுப்புகளை `Give` என்ற தாளிலும் வைத்து, இரண்டிலும் A நிரலில் கைமாற்று எண்ணையும் D நிரலில் திகதியையும் இட்டால், ஒரே சூத்திரம் போதும்:

```
=IFERROR(XLOOKUP(A2,Give!A:A,Give!D:D)-D2,"இணை இல்லை")
```

விடை நேர் எண்ணானால் கொடுப்பவர் அத்தனை நாள் பிந்துகிறார். ‘இணை இல்லை’ என்று வந்தால் பெறுபவர் ஒன்றை எதிர்பார்த்திருக்கிறார், ஆனால் அதைக் கொடுப்பதாக எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அனுபவத்தில் பிந்திய கைமாற்றைவிட இந்த இணையில்லாத கைமாற்றே கூடிய சேதம் செய்கிறது. தாமதம் பற்றியாவது இரண்டு பேர் பேசுகிறார்கள். இங்கே ஒருவர் காத்திருக்கிறார், மற்றவருக்குச் செய்தியே இல்லை.

சூத்திரத்தில் ஒரு கண்ணி உண்டு. கொடுப்பவர் திகதியை வெறுமையாக விட்டால் எக்செல் அதைப் பூச்சியமாக எடுத்து, மிகப் பெரிய மறை எண்ணைக் காட்டும். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது ‘முன்கூட்டியே கொடுக்கிறார்’ என்று படும். உண்மையில் அவர் நாளே சொல்லவில்லை. ஆகவே மறை எண்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால் முதலில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வார எண்ணை வைத்துக் கழிப்பவர்களுக்கு மார்கழியில் வேறொரு தொல்லை வரும்: 52ஆம் வாரத்துக்குப் பிறகு 1ஆம் வாரம் வருவதால் கணக்குத் தலைகீழாகும். தாளில் முழுத் திகதியை வைத்துக்கொள்வது நல்லது. கீழுள்ள மாதிரியில் வாசிப்பு எளிமைக்காக மட்டும் வார எண் தருகிறேன்.

5. ஒரு மாதிரி வாரம்

ஆலை, மின் இணைப்பு, பிரதான குழாய், நீர்த்தாங்கிக் கோபுரம், வீதி விநியோகம் என்று ஐந்து அணிகள். இப்போது 30ஆம் வாரம். 49ஆம் வார முடிவில் வீடுகளுக்கு நீர் என்று மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சொல்லியாயிற்று. அணிகள் வியாழன் நண்பகலுக்குள் அறிக்கை அனுப்பியிருக்கின்றன. வெள்ளியன்று தொகுக்க வேண்டும், திங்களன்று கூட்டம்.

அறிக்கைகளின் நிறங்கள் இவை. ஆலை பச்சை. மின் இணைப்பு மஞ்சள். 35இல் தருவதாக இருந்த மின்சாரம் 37இல் வரும், இரண்டு வாரம் பிந்துகிறது. பிரதான குழாய் பச்சை, கோபுரம் பச்சை. வீதி விநியோகம் சிவப்பு. 38இல் வர வேண்டிய நீர்மானிகள் கப்பலில் பிந்தி 44இல்தான் வரும்.

வெட்டி ஒட்டுபவரின் சுருக்கத்தில் ஒரே சிவப்பு நீர்மானி. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் அதைப்பற்றியே பேச்சு நடக்கும். கொழும்பில் யாரைப் பிடித்து மானியை விரைவாக எடுப்பது என்று திட்டம் போடுவார்கள்.

இனிக் கைமாற்றுகளைப் பார்ப்போம். விநியோக அணியின் சொந்த அட்டவணைப்படி மானி பொருத்தும் வேலை 47இல்தான் தொடங்குகிறது. 44இல் வந்தாலும் மூன்று வாரம் மிச்சம். அணிக்கு அது சிவப்பு, ஏனெனில் வழங்குநர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார். அபராதம் கேட்க வேண்டும். தொகுதிக்கு அது சிவப்பே அல்ல.

அடுத்தது மின்சாரம். ஆலையின் பெறுகைத் தாளில் 34ஆம் வார முடிவு என்று இருக்கிறது. மின் அணியின் கொடுப்புத் தாளில் 37ஆம் வார முடிவு. இடைவெளி மூன்று வாரம். மின் அணி தன்னை இரண்டு வாரம் பிந்தியதாகச் சொல்வதும் பொய்யல்ல. அதன் மூலத் திட்டத்திலேயே 35 என்றுதான் இருந்தது. அதாவது வேலை தொடங்கிய நாளிலேயே இரண்டு அட்டவணைகளும் ஒரு வாரம் ஒத்துப்போகவில்லை. இத்தனை மாதமும் இரண்டு அணிகளும் பச்சை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு வாரம் நடுவில் கிடந்தது. இவ்வாரமும் ஆலை பச்சை எழுதியது, 34இல் மின்சாரம் வரும் என்று அது இன்னமும் நம்புவதால்தான்.

இந்த மூன்று வாரத்தை வழிநெடுகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தபின் ஆலைக்கு இரண்டு வாரம் ஆயத்தம், நான்கு வாரம் பரீட்சார்த்த ஓட்டம். ஆக நன்னீர் 40க்குப் பதில் 43இல். பிரதான குழாயை நிரப்பி அழுத்தச் சோதனை செய்ய மூன்று வாரம். 43க்குப் பதில் 46. கோபுரங்களைக் கழுவிக் குளோரின் இட்டுச் சுத்திகரிக்க இரண்டு வாரம். திட்டத்தில் இதற்கு 46 என்று போட்டு ஒரு வாரம் மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த மிச்சம் கரைந்து, இப்போது 48. வீதிக்குழாய்களை அலசிவிட இரண்டு வாரம். 48க்குப் பதில் 50. வாக்களித்ததோ 49. மூன்று வாரத் தாமதத்தில் இரண்டை வழியிலிருந்த மிச்ச வாரங்கள் உறிஞ்சிக்கொள்ள, ஒரு வாரம் வெளியே தள்ளி நிற்கிறது. நாள் தவறுகிறது, மின் அணியாலோ ஆலை அணியாலோ தனியாகத் தீர்க்க முடியாது. ஐந்து அறிக்கைகளில் ஒன்றிலும் இல்லாத சிவப்பு இதுதான்.

கடைசியில் வெளியே தள்ளுவது ஒரு வாரம்தானே என்று விட்டுவிடலாமா? அந்த ஒரு வாரத்தோடு வழியிலிருந்த மிச்சமெல்லாம் தீர்ந்துவிட்டது என்பதே கூடிய செய்தி. இனி எவர் ஒரு நாள் பிந்தினாலும் அது நேரே வெளிநாளில் விழும். ஆகவே தாமதத்தின் அளவோடு, மீதமுள்ள மிச்சம் எவ்வளவு என்பதையும் சுருக்கம் சொல்ல வேண்டும்.

தீர்வு தொகுப்பவரின் வேலையல்ல. ஆனால் கேள்வியைக் கூர்மையாக்குவது அவருடைய வேலை. குழாய் அணியின் பெறுகை வரியில் ‘ஆலை இயங்க வேண்டும்’ என்று இருந்தது. உண்மையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விடை வேறு: குழாயை நிரப்பத் தண்ணீர். 800 மில்லிமீற்றர் விட்டத்தில் 30 கிலோமீற்றர் குழாய் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 15,000 கன மீற்றர். நாளொன்றுக்கு 24,000 தரும் ஆலையில் நான்கு வரிசைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வரிசை 6,000 தரும். மூன்று நாளுக்குள் குழாய் நிரம்பிவிடும். முழு ஆலையும் தேவையில்லை.

மின்சாரத்தையும் அதே வகையில் கேட்கலாம். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் கடல்நீரிலிருந்து ஒரு கன மீற்றர் நன்னீர் எடுக்கப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும். மூன்றரை என்று எடுத்தால் முழு ஆலைக்கு 3,500 கிலோவாற்று தொடர்ச்சியாக வேண்டும். வாடகை மின்பிறப்பாக்கியால் அதைத் தாங்குவது சிரமம். ஒரு வரிசைக்கு 900 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவு. அது வாடகைக்குக் கிடைக்கும் அளவு. ஆக, மூன்று வாரம் ஒரு மின்பிறப்பாக்கி எடுத்து முதல் வரிசையை 34ஆம் வார முடிவிலேயே உயிர்ப்பிப்பதா, அல்லது வாக்களித்த நாளை 50க்குத் தள்ளி இப்போதே அறிவிப்பதா என்பதே கூட்டத்தின் முன் வைக்கும் கேள்வி. எரிபொருள் செலவு எவ்வளவு என்பதை ஆலை அணி திங்களுக்குள் தர வேண்டும்.

6. அறிக்கை எழுதாத தரப்புகள்

மேலே சொன்ன முறை, இரு பக்கமும் தாள் நிரப்பும்போது மட்டும் வேலை செய்யும். இரணைமடு அனுபவம் காட்டுவது அடுத்த நிலைச் சிக்கல். அங்கே நீர் கொடுக்க வேண்டிய தரப்பு ஒரு பொறியியல் அணி அல்ல. குளத்துக் கீழ் வயல் வைத்திருந்த விவசாயிகள். அவர்கள் எந்த வாராந்தப் படிவத்தையும் நிரப்புவதில்லை. தாளையடியிலும் கடலிலிருந்து நீர் எடுப்பதும் உவர்க்கழிவை மீண்டும் கடலில் விடுவதும் பற்றிக் கரையோர மீனவர்கள் கவலை எழுப்பினார்கள். வீதியைக் குறுக்கே வெட்டக் குழாய் அணி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிக்குக் காத்திருக்கும். இவர்கள் யாரும் திட்டத்தின் அணியல்ல, எனினும் கைமாற்றுகள் இவர்களோடும் இருக்கின்றன.

இத்தகைய கைமாற்று ஒவ்வொன்றுக்கும் திட்டத்துக்குள் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவரையே கொடுப்பவராக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் வாரந்தோறும் எழுத வேண்டியது நிறம் அல்ல. அந்தத் தரப்போடு கடைசியாக நேரில் பேசிய திகதியும் அவர்கள் சொன்னதும். ‘கடிதம் அனுப்பப்பட்டது’ என்பது பேசியதாக ஆகாது. கடைசிப் பேச்சு நான்கு வாரத்துக்கு முந்தியது என்றால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் தொகுப்பவர் அதை மஞ்சளாக எடுக்கலாம். இது சற்றுக் கடுமையான விதிதான். ஆனால் விவசாயியின் எதிர்ப்பு ஒரு நாளில் முளைப்பதில்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் மாதக்கணக்கில் பேசப்பட்ட பிறகுதான் அது வீதிக்கு வருகிறது. அந்தக் கூட்டங்களுக்கு எவரும் போகாதபோதுதான் திட்ட அலுவலகத்துக்கு அது திடீரென்று தெரிகிறது.

இங்கே முறையின் எல்லையும் வந்துவிடுகிறது. நாளைக் கழித்துப் பார்க்கும் அட்டவணை, நாள் பிந்துவதைக் கண்டுபிடிக்கும். ஒரு தரப்பு ‘தரவே மாட்டோம்’ என்று சொல்லும் நிலையை அது காட்டாது. அதற்குத் திகதி கிடையாது. அத்தகைய வரியைத் தாமதங்களின் பட்டியலில் வைக்காமல், தனியே ‘நீர்மூலம் உறுதியில்லை’ என்பதுபோல் வெளிப்படையாக முதல் வரியில் எழுத வேண்டும். அதைச் சார்ந்த எல்லா அணிகளின் பச்சைக்கும் பக்கத்தில் ‘நிபந்தனையுடன்’ என்று குறிக்க வேண்டும். கோபுர அணி வருந்தக்கூடும். வருந்தட்டும், அவர்களுடைய வேலையில் பிழை சொல்லப்படவில்லை.

7. ஒரு பக்கம்

சுருக்கத்தில் ஒவ்வொரு சிவப்புக்கும் சில சிறு வாக்கியங்கள் போதும். மாதிரி வாரத்தின் சிவப்பை எழுதினால் இப்படி வரும்:

‘மின் இணைப்பு – ஆலை. மின்சாரம் 37ஆம் வார முடிவில். ஆலை எதிர்பார்த்தது 34. மாற்றமில்லாவிட்டால் வீடுகளுக்கு நீர் 50ஆம் வாரத்தில், வாக்களித்ததைவிட ஒரு வாரம் பிந்தி. வழியில் மிச்ச வாரம் இனி இல்லை. முடிவு வேண்டியது: மூன்று வாரத்துக்கு மின்பிறப்பாக்கி எடுத்து முதல் வரிசையை ஓட்டுவதா, நாளை மாற்றுவதா. முடிவெடுப்பவர் திட்டப் பணிப்பாளர், 31ஆம் வார முடிவுக்குள். பிந்தினால் மின்பிறப்பாக்கி 34க்குள் வந்து சேராது. இது சிவப்பாக இருப்பது முதலாவது வாரம்.’

கடைசி வாக்கியத்தை விடக்கூடாது. பதினைந்தாவது வாரமாகச் சிவப்பு என்று எழுத நேர்ந்தால், அது தாமதத்தின் பிரச்சினையல்ல, முடிவெடுப்பவரின் பிரச்சினை. அந்த எண்ணைப் பக்கத்தில் அச்சிடுவதற்குத் தொகுப்பவருக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். எண்ணை எடுத்துவிடும்படி மேலிருந்து சொல்லப்படும் அலுவலகங்களும் உண்டு.

ஒரு பக்கத்தில் ஐந்து சிவப்புகளுக்கு மேல் வந்தால், 3ஆம் பிரிவின் இரண்டாவது நிபந்தனையை அணிகள் தளர்த்திவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். தாங்களே தீர்க்கக்கூடியதை மேலே தள்ளுகிறார்கள். பல வாரம் ஒரு சிவப்பும் வராவிட்டால், கைமாற்றுத் தாள்களைச் சென்ற வாரத்திலிருந்து அப்படியே நகலெடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு திகதியும் நகராத தாள் அதற்குச் சான்று. நடக்கும் வேலையில் ஏதாவது ஒன்று நகர்ந்தே தீரும்.

ஐந்து அணிகளும் முப்பது கைமாற்றுகளும் உள்ள தொகுதிக்கு இந்த வேலை, இரு பக்கத் தாள்களும் நேரத்துக்கு வந்தால், வெள்ளிக்கிழமை ஒரு பகலில் முடியும். தாள்கள் வராத முதல் மாதத்தில் இரண்டு நாள் எடுக்கும். அந்த மாதத்தில் தொகுப்பவர் தொலைபேசியில்தான் வாழ வேண்டும். வடக்கில் இப்போது நடக்கும் வீதி, நீர், துறைமுக வேலைகளில் அறிக்கை தொகுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வெள்ளியன்று நிறங்களைத் தொடாமல், பெறுகைத் திகதிகளை மட்டும் ஒருமுறை கொடுப்புத் திகதிகளோடு கழித்துப் பாருங்கள்.